கரண்ட் போனால் திறந்துகொள்ளும் ஸ்மார்ட் லாக்: பொருத்தியவருக்குப் புகார்க் கடிதம் எழுதுவது பற்றிய கேள்விகள்

நாங்கள் சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வாசல் கதவுக்குக் கைரேகை வைத்துத் திறக்கும் மின்காந்தப் பூட்டு போட்டிருந்தோம். ஒரு நாள் மதியம் கரண்ட் போய்ச் சில நிமிடங்களில் அந்தக் கதவு தானாகத் திறந்துவிட்டது. உள்ளே என் அம்மா தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாயங்காலம் வந்தபோது கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைய பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

பொருத்தியவருக்கு நான் எழுதிய முதல் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கடிதம் ஒன்பதே நாளில் ஆளை வரவழைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குடியிருப்பில் பலரும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் ஸ்மார்ட் லாக் கரண்ட் போனால் வேலை செய்வதில்லை. உடனே புகார் எழுதிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உங்களுடையது எந்த வகைப் பூட்டு என்று முதலில் பாருங்கள்.

கைப்பிடியோடு சேர்ந்து கதவிலேயே உட்கார்ந்திருக்கும் பூட்டு என்றால், அதன் உள்பக்க மூடியைக் கழற்றினால் நான்கு அல்லது எட்டுப் பென்சில் பேட்டரிகள் இருக்கும். அந்தப் பூட்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கரண்ட் போகும்போது செல்போன் ஆப்பில் மட்டும் திறக்க முடியவில்லை, ஆனால் கைரேகையும் ரகசிய எண்ணும் வேலை செய்கின்றன என்றால், அணைந்தது உங்கள் வைஃபை ரவுட்டர். ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினால் போதும். கரண்ட் இல்லாதபோதும் ஆப்பில் திறக்கும் என்று பொருத்தியவர் எழுத்தில் சொல்லியிருந்தால் ஒழிய, இதைப் புகாராக எழுதினால் அவர் ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார்.

கதவின் மேல் விளிம்பில் ஒரு தடித்த இரும்புத் தகடும், அதற்கு எதிரே நிலையில் நீளமான ஒரு உலோகக் கட்டையும், அதிலிருந்து ஒரு ஒயரும் போகிறதா? அதுதான் மின்காந்தப் பூட்டு. கடைக்காரர்கள் இ.எம். லாக் என்பார்கள். இது வீட்டு மின்சாரத்தை நம்பியே நிற்பது. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையைப் பற்றித்தான்.

"கரண்ட் போனால் திறப்பதுதான் சார் டிசைன்" என்கிறார் போட்டவர். அப்படியானால் புகாருக்கே இடமில்லையா?

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் எழுதியதால்தான் என் முதல் கடிதம் வீணானது.

மின்காந்தப் பூட்டில் தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. நிலையில் இருக்கும் கட்டைக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் 12 வோல்ட் மின்சாரம் ஓடும்வரை அது காந்தமாகி, கதவில் உள்ள தகட்டை இழுத்துப் பிடிக்கிறது. கதவுகளுக்குப் பரவலாகப் போடும் அளவு சுமார் 280 கிலோ இழுவையைத் தாங்கும். மின்சாரம் நின்ற கணமே பிடி விட்டுவிடும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு இது. அலுவலகக் கண்ணாடிக் கதவுகளில் இது அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் இன்னொரு பாகமும் உண்டு. பூட்டுக்கு மின்சாரம் தரும் பெட்டியில் ஒரு பேக்கப் பேட்டரி இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் நின்றதும் அது பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். அதுவும் தீர்ந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். ஆகவே உங்கள் புகார் "கரண்ட் இல்லாவிட்டால் திறக்கிறது" என்பதல்ல. "பேக்கப் தாங்க வேண்டிய நேரம் தாங்கவில்லை" என்பதுதான் புகார். இந்த ஒரு வாக்கியத்தை மாற்றினாலே, டிசைன் என்ற பதிலுக்குள் அவர் ஒளிந்துகொள்ள முடியாது.

இதற்கு நேர்மாறான வகையும் ஒன்று உண்டு. கரண்ட் போனால் பூட்டியபடியே நின்றுவிடும். அந்த வகையில் உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் மின்சாரமே இல்லாமல் கதவு திறக்க வேண்டும். உங்கள் கதவு அப்படித் திறக்கவில்லையென்றால் கடிதம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம், இன்றைக்கே யாரையாவது வைத்து அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். தீயோ புகையோ வந்தால் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காது.

பேக்கப் பேட்டரி இருக்கிறது. ஆனால் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்?

எளிய கணக்குதான். காந்தம் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். கைரேகைக் கருவிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து 0.65 ஆம்பியர். இந்தப் பெட்டிகளில் வழக்கமாக வைப்பது 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி, அதாவது கொள்ளளவு 7 ஆம்பியர்-மணி. ஏழை 0.65-ஆல் வகுத்தால் பத்தரை மணி நேரத்துக்கு மேல் வரும்.

காகிதக் கணக்கு அப்படியே நடக்காது. பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை இறக்கக் கூடாது, சூட்டில் அதன் திறனும் குறையும். அதனால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணிக்குத்தான் கரண்ட் வரும். நல்ல பேட்டரி அந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்கிவிடும்.

எங்கள் கதவு ஆறு நிமிடத்தில் திறந்தது. அந்த ஆறு நிமிடத்தில் செலவான மின்சாரம் பேட்டரியின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இப்படியொரு கணக்கு கையில் இருந்தால் "கொஞ்சம் வீக்காகியிருக்கும் சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

"பேட்டரி தேயும் பொருள், அதற்கு வாரன்ட்டி கிடையாது, புதிதாக வாங்கிப் போடுங்கள்" என்கிறார். வாங்கிவிட வேண்டியதுதானா?

நானும் வாங்கினேன். 1,100 ரூபாய். ஐந்து மாதத்தில் அதுவும் செத்துப்போனது. அப்போதுதான் பேட்டரியைக் கொல்வது வேறு ஏதோ ஒன்று என்று சந்தேகம் வந்தது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவர் கரண்ட் இருக்கும்போதே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். 12.1 வோல்ட் காட்டியது. "இதுதாங்க விஷயம்" என்றார்.

விஷயம் இதுதான். 12 வோல்ட் என்று பெயர் இருந்தாலும், இந்த ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்பிச் சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை நிரப்பி, நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டுமானால் வெளியிலிருந்து 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற வேண்டுமானால் குழாயில் அதைவிட அழுத்தம் வேண்டும் அல்லவா, அதுபோல. இதற்கென்றே சார்ஜ் செய்யும் வசதியுள்ள பவர் சப்ளை கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் போட்டிருந்தது சீரியல் விளக்குக்கும் கேமராவுக்கும் போடுகிற சாதாரண 12 வோல்ட் பவர் சப்ளை. அதன் வெளியீட்டிலேயே பேட்டரியையும் சேர்த்து முறுக்கி விட்டிருந்தார்கள். 12.1 வோல்ட்டில் பேட்டரி பாதி கூட ஒழுங்காக நிரம்பாது. பாதி நிரம்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அது மீளாது. போதாததற்கு, பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினால் துண்டிக்கும் ஏற்பாடும் அந்தப் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு நீண்ட மின்தடையிலும் அது அடிமட்டம்வரை வற்றியிருக்கிறது.

அதனால் பேட்டரியை மாற்றித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். மாற்றுவார், சில மாதம் ஓடும், அதற்குள் வாரன்ட்டி முடிந்துவிடும். பவர் சப்ளையை மாற்றக் கேளுங்கள். எங்கள் பில்லில் பேட்டரிக்கு 6 மாதம், பூட்டுக்கும் பவர் சப்ளைக்கும் 2 வருடம் என்று எழுதியிருந்தது. கோளாறு பவர் சப்ளையில் என்று காட்டியவுடன் பேச்சு வாரன்ட்டிக்குள் வந்துவிட்டது.

மீட்டர் 13.5-க்கும் 13.8-க்கும் இடையில் காட்டியும் பேட்டரி தாங்கவில்லையா? பேட்டரி வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் அது வயதாகித் தேய்ந்ததுதான். அதற்குப் பொருத்தியவரைக் குறை சொல்வது நியாயமில்லை. காட்டுவது 14.5-க்கு மேல், பேட்டரியின் பக்கவாட்டுகள் உப்பியிருக்கின்றன என்றால் அளவுக்கு மீறி ஏற்றுகிறது. அதுவும் பவர் சப்ளையின் குறைதான்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போகும்போது கதவு ஒரு நொடி விட்டு, மறுபடி பிடிக்கிறது. இது சாதாரணம்தானே?

இல்லை. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைச் சமாளிக்கவும் அந்தப் பேட்டரிதான் இருக்கிறது. 'டக்' என்று விட்டுப் பிடித்தால் பேட்டரி இணைப்பிலேயே இல்லை, அல்லது முழுதும் செத்துவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்குள் பேட்டரி வைக்கும் இடம் காலியாக இருந்த வீடுகளையும் எங்கள் குடியிருப்பிலேயே பார்த்தேன். பில்லில் "பேக்கப்புடன்" என்று இருந்தும் உள்ளே ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் மறைத்துக்கொண்டிருப்பதால் பலருக்கு இது தெரியவே தெரியாது.

புகாருக்கு முன்னால் என்ன சோதனை செய்து பார்ப்பது? ஆதாரமாக எதை வைத்துக்கொள்வது?

நேரச் சோதனை ஒன்றே பெரும்பாலும் போதும். கரண்ட் போகாமல் ஒரு முழு நாள் ஓடிய பிறகு, பகல் நேரத்தில் செய்யுங்கள். வீட்டுக்குள் ஒருவர், வெளியே ஒருவர் இருக்கட்டும். மின்சாரப் பெட்டியில் பூட்டின் பவர் சப்ளைக்குப் போகும் எம்.சி.பி. சுவிட்ச் எது என்று முன்பே கண்டுபிடித்து வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, அந்த இணைப்பில் பூட்டும் இருந்தால் மெயினை மட்டும் அணைப்பதால் பயனில்லை. பூட்டுக்கான எம்.சி.பி.யையே அணைக்க வேண்டும்.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, எம்.சி.பி.யை அணைப்பதிலிருந்து கதவு விடும்வரை இடையில் நிறுத்தாமல் எடுங்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று படத்தில் தெரிவது நல்லது. துண்டு துண்டாக எடுத்த வீடியோ என்றால் நடுவில் என்ன செய்தீர்களோ என்று கேட்பார்கள். எங்கள் முதல் வீடியோவுக்கு அந்தக் கதிதான் வந்தது.

வோல்ட் அளவை எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பேட்டரி 12 வோல்ட்தான், ஆனால் அதே பெட்டிக்குள் 230 வோல்ட் முனைகள் திறந்து கிடக்கும். பெட்டியில் வாரன்ட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம். என் முன்னிலையில் அளந்து காட்டுங்கள் என்று கடிதத்திலேயே கேட்கலாம். அளக்க முடிந்தால் இரண்டு அளவு போதும்: கரண்ட் இருக்கும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, எம்.சி.பி.யை அணைத்த பிறகு கதவு விடும் தறுவாயில் எவ்வளவு. எங்களுக்கு முதலாவது 12.1, இரண்டாவது 8.9.

இவற்றோடு பில், வாரன்ட்டி அட்டை, பொருத்துவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப்பட்டியல் மூன்றையும் எடுத்து வையுங்கள். விலைப்பட்டியலில் "பவர் பேக்கப் உண்டு" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடிதத்தில் அதைவிடக் கனமான சொல் கிடைக்காது. மின்வாரியம் முன்கூட்டி அறிவித்த மின்தடை நாளன்று கதவு திறந்திருந்தால் அந்த அறிவிப்பையும் வெட்டி வையுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? மாதிரி ஒன்று கிடைக்குமா?

என் முதல் கடிதம் இரண்டு பக்கம். ஏமாற்றிவிட்டீர்கள், தரமே இல்லை, வயதான அம்மா இருக்கிற வீடு என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. "பேட்டரி மாற்றவும்" என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதம் இது. பெயர், முகவரிகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

> அனுப்புநர்: (பெயர், வீட்டு எண், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: உரிமையாளர், (பில்லில் உள்ள நிறுவனப் பெயர், முகவரி)
>
> நாள்: 15.04.2025
>
> பொருள்: வாசல் கதவின் மின்காந்தப் பூட்டுக்குப் பேக்கப் இல்லாமை – பவர் சப்ளையை மாற்றித் தரக் கோருதல்
>
> ஐயா,
>
> 10.02.2024 அன்று எங்கள் வீட்டில் மின்காந்தப் பூட்டு, கைரேகைக் கருவி, பேக்கப் பேட்டரியுடன் கூடிய பவர் சப்ளை ஆகியவற்றை ரூ.18,500-க்குப் பொருத்தினீர்கள். பில் நகலை இணைத்துள்ளேன். பூட்டுக்கும் பவர் சப்ளைக்கும் 2 வருட வாரன்ட்டி என்று அதில் உள்ளது.
>
> 2024 செப்டம்பர் முதல் மின்தடையின்போது கதவு தானாகத் திறக்கத் தொடங்கியது. உங்கள் ஊழியர் சொன்னபடி அக்டோபரில் ரூ.1,100 கொடுத்துப் புதிய பேட்டரி போட்டேன். 2025 மார்ச்சில் அதே கோளாறு மீண்டும் வந்தது.
>
> 12.04.2025 சனிக்கிழமை காலை 11 மணிக்குச் சோதித்தோம். மின்சாரம் நின்ற 6-ஆவது நிமிடத்தில் கதவு திறந்தது. 7 ஏ.ஹெச். பேட்டரியில் இந்தப் பூட்டு சுமார் 6 மணி நேரம் தாங்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது பேட்டரி முனையில் 12.1 வோல்ட் மட்டுமே வருகிறது. இந்த வகைப் பேட்டரி நிரம்புவதற்கு 13.5 முதல் 13.8 வோல்ட் தேவை. எனவே கோளாறு பேட்டரியில் அல்ல, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வசதியில்லாத பவர் சப்ளையைப் பொருத்தியதில் உள்ளது. வீடியோவும் அளவெடுத்த படங்களும் உங்கள் எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளன.
>
> மின்சாரம் முழுவதும் தீர்ந்தால் பூட்டு திறப்பது பாதுகாப்புக்காகத்தான் என்பதை அறிவேன். அதை மாற்றக் கேட்கவில்லை. நான் கேட்பவை:
>
> பேட்டரியைச் சார்ஜ் செய்வதும், அளவுக்கு மீறி இறங்கினால் துண்டிப்பதுமான பவர் சப்ளையை வாரன்ட்டியில் மாற்றித் தர வேண்டும். பழைய பவர் சப்ளையால் கெட்ட பேட்டரிக்குப் பதிலாகப் புதியது தர வேண்டும். அக்டோபரில் நான் செலவிட்ட ரூ.1,100-ஐத் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்து ஒரு நாள் கழித்து, என் முன்னிலையில் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு மணி நேரம் கதவு பூட்டியிருப்பதையும், அப்போது பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் இருப்பதையும் காட்டிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.
>
> 30.04.2025-க்குள் இவற்றைச் செய்து தரக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

அம்மாவைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. எழுதி எழுதி அடித்தேன், மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த வரி இருந்தால் பதில் எழுதுபவர் அதற்கு ஒரு வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்வார் என்று என் தம்பி சொன்னான். அவன் சொன்னது சரி.

மூன்றாவது பத்தியைத்தான் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்டியில் பேட்டரியே இல்லையென்றால் வோல்ட் கணக்கெல்லாம் வேண்டாம். "பில்லில் உள்ள பேக்கப் பேட்டரி பொருத்தப்படவே இல்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். கடைசியாகக் கேட்டிருக்கும் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், வந்து ஒயரைத் தொட்டுவிட்டுப் போனதையே வேலை முடிந்தது என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். பில்லில் உள்ள முகவரிக்கே அனுப்புங்கள். கெடு 15 நாள் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாமா?

முதல் கடிதத்திலேயே கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூட்டு நல்ல பூட்டு, அதற்குச் சோறு போடும் பெட்டிதான் தவறு என்றால் அதைச் சரிசெய்யச் சொல்வதுதான் பொருத்தம். கேட்டது நியாயமாக இருந்தால், பின்னால் ஆணையம்வரை போனாலும் உங்கள் பக்கம் கனமாக நிற்கும். சரிசெய்யக் கெடு கொடுத்தும் செய்யவில்லை, அல்லது செய்தும் அதே கோளாறு வந்தது என்றால் அடுத்த கடிதத்தில் பணத்தைக் கேளுங்கள். நஷ்டஈடு கேட்டால் ரசீது உள்ள செலவுகளைத் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். பூட்டு, வீட்டுக்காரர் போட்டது. நான் எழுதலாமா?

எழுதலாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனாலும் பில் அவர் பெயரில் இருப்பதால் கடிதம் அவர் கையெழுத்தில் போவது எளிது. பில்டர் போட்டுக் கொடுத்த பூட்டு என்றால் கடிதம் பில்டருக்கு, நகல் பொருத்தியவருக்கு.

கெடு முடிந்தும் பதில் இல்லை. அடுத்து என்ன?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு தரப்புக்கும் நடுவில் பேசிப் பார்ப்பார்கள். அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருத்தியவரின் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளத்தில் இணையம் வழியாகவே பதியலாம்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. காத்திருக்க முடியாமல் வேறொருவரை வைத்துப் பூட்டை மாற்றிவிட்டு, பழைய பெட்டியை அவரிடமே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்பப் பொருள் வேண்டுமே! மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். ஆனால் கழற்றுவதற்கு முன் ஒயர் இணைப்புகள் தெரியும்படி படமெடுத்து, பழைய பவர் சப்ளையையும் பேட்டரியையும் ஒரு அட்டைப்பெட்டியில் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

அதுவரை கதவை என்ன செய்வது?

அதே கதவில் சாவி போட்டுத் திறக்கும் சாதாரணப் பூட்டு ஒன்றைப் பொருத்துங்கள். உள்ளிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கும் வகையாக இருக்கட்டும். என்னைக் கேட்டால், வீட்டு வாசல் கதவை மின்காந்தப் பூட்டு ஒன்றை மட்டும் நம்பி விடவே கூடாது. பேக்கப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு. பகலில் ஆட்கள் வந்து போகும்போது காந்தம் போதும், எல்லோரும் வெளியே போகும்போதும் இரவிலும் சாவிப் பூட்டு வேண்டும்.

உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் வந்தது?

ஒன்பதாம் நாள் உரிமையாளரே வந்தார். மல்டிமீட்டரை அவரே வைத்துப் பார்த்தார். 12.1 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய ஊழியர் கையில் இருந்த பெட்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அது தனக்கே தெரியாது என்றார். நான் நம்புகிறேன். அடுத்த நாள் புதிய பவர் சப்ளையும் பேட்டரியும் வந்தன. பேட்டரி முனையில் 13.6 வந்தது. அதற்கு மறுநாள் மதியம் இரண்டு மணி நேரம் எம்.சி.பி.யை அணைத்து வைத்து, நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவு அசையவில்லை, மீட்டரில் 12.4 இருந்தது. கடிதத்தின் நகலிலேயே அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

1,100 ரூபாயை அவர் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாகச் சாவிப் பூட்டைக் கூலி வாங்காமல் பொருத்திக் கொடுத்தார், நானும் ஒப்புக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் அவர் போட்ட இன்னும் நான்கு வீடுகளில் அதே சாதாரணப் பவர் சப்ளைதான் இருந்தது. அந்த வாரமே நான்கையும் மாற்றிவிட்டார்.